ஆப்ஷன் எப்போது காசாகும்?

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு ஆறுவதற்குள் அக்கா மகள் தன் கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. கம்பெனியிலேர்ந்து மின்னஞ்சல். எங்க ஆப்ஷனைக் காசாக்கலாமாம். மூணு வாரத்துல முடிவு சொல்லணும்.”

அவள் ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். சேர்ந்து மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்த ஆண்டு வீவக வீட்டின் சாவி கிடைக்கவேண்டும். வீட்டைப் புதுப்பிக்க ஒரு குத்தகைக்காரர் 40,000 வெள்ளி கேட்டிருந்தார். மின்னஞ்சலைப் பார்த்ததும் இருவரும் மனத்துக்குள்ளேயே சமையலறை அலமாரிக்கு வண்ணம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

“இன்னும் குத்தகைக்காரரிடம் கையெழுத்துப் போடவில்லையே?” என்று கேட்டேன்.

“நாளைக்குப் போடுறதா இருக்கோம்.”

“இந்த வேலை முடிந்து பணம் வங்கிக்கு வரட்டும். அதுவரை போடாதே” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த வாரக் கதை. இதேபோன்ற ஒரு மின்னஞ்சல் பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் வந்தது. நான் எடுத்த முடிவுக்கு விலையும் கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

திரையில் தெரியும் எண்

முதலில் அவளிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. முன்பே குறித்த ஒரு விலையில் பிற்காலத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு 40,000 ஆப்ஷன் கொடுத்தார்கள். ஒரு பங்கை 1.20 வெள்ளிக்கு வாங்கலாம். நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக அவை அவளுக்குச் சொந்தமாகும். மூன்று ஆண்டு முடிந்ததால் 30,000 சொந்தமாகிவிட்டன.

கடைசியாக முதலீட்டாளர்கள் பணம் போட்டபோது ஒரு பங்குக்கு 12 வெள்ளி கொடுத்தார்கள். நிறுவனத்தின் செயலியில் அவள் நுழைந்தால், 30,000 ஆப்ஷனுக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் மதிப்பு என்று பச்சை நிறத்தில் காட்டும். நிறுவனமோ பங்குச் சந்தையில் இல்லை. பட்டியலிடும் வரை, அல்லது வேறு யாராவது நிறுவனத்தை வாங்கும் வரை, அந்தப் பச்சை எண்ணைக் கொண்டு ஒரு கோப்பிகூடக் குடிக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அந்த நாள் வருவதற்கு முன்பே ஊழியர்கள் ஒரு பகுதியைக் காசாக்கிக்கொள்ள நிறுவனமே திறந்துவிடும் கதவுதான் டெண்டர் ஆஃபர். ஒருவர் வாங்க முன்வருகிறார். அது நிறுவனமாகவே இருக்கலாம், பழைய முதலீட்டாளராகவோ புதியவராகவோ இருக்கலாம். எல்லா ஊழியருக்கும் ஒரே விலை, ஒரே நிபந்தனை, ஒரே கடைசி நாள். ஸ்பேஸ்எக்ஸ், ஸ்ட்ரைப், டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் போன்ற பெரிய தனியார் நிறுவனங்கள் ஒருமுறைக்கு மேல் இப்படிச் செய்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட டெண்டர் என்றால் அது குறைந்தது 20 வேலை நாள் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அவளுடைய நிறுவனத்தின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது. மின்னஞ்சல் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவள் அதைத் திறந்து ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அதனால்தான் ‘மூணு வாரம்’.

அவளுக்கு வந்த நிபந்தனைகள் மூன்றே வரிதான். விலை, பங்குக்கு 9.60 வெள்ளி. சொந்தமான ஆப்ஷன்களில் 20 விழுக்காடு வரை விற்கலாம். அதாவது 6,000. வாங்குபவர் ஒதுக்கியிருக்கும் மொத்தத் தொகை 3 மில்லியன் வெள்ளி. முதல் இரண்டு வரியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். மூன்றாவது வரி அவள் கண்ணிலேயே படவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

12 எப்படி 9.60 ஆனது?

மாப்பிள்ளைக்கு விலையில்தான் கோபம். “முதலீட்டாளருக்கு 12, வேலை செய்யறவங்களுக்கு 9.60-ஆ? இது ஏமாத்து வேலை மாதிரி இருக்கே மாமா.”

ஏமாற்று அல்ல என்றேன். இரண்டும் ஒரே பங்கே அல்ல. முதலீட்டாளர்கள் வாங்குவது முன்னுரிமைப் பங்கு. ஊழியர்களுக்குக் கிடைப்பது சாதாரணப் பங்கு. நிறுவனம் நன்றாக வளர்ந்து பட்டியலிடப்பட்டால் வழக்கமாக இரண்டும் ஒன்றாகிவிடும். சுமாரான விலைக்கு விற்கப்பட்டால்தான் வேறுபாடு தெரியும்.

காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலீட்டாளர்கள் இதுவரை 60 மில்லியன் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் ஒருநாள் 70 மில்லியனுக்கு விற்கப்படுகிறது. செய்தித்தாளில் 70 மில்லியன் வெள்ளி என்று பெரிதாக வரும். ஆனால் முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பவர்கள் தாங்கள் போட்ட 60 மில்லியனை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 10 மில்லியன். சாதாரணப் பங்குகள் 20 மில்லியன் இருந்தால், ஒரு பங்குக்கு 50 காசு. அவள் ஒரு பங்கை வாங்குவதற்கே 1.20 வெள்ளி கொடுக்கவேண்டும். ஆக, 70 மில்லியனுக்கு நிறுவனம் விற்றுப்போன அன்று அவளுடைய ஆப்ஷனின் மதிப்பு சுழியம்.

இந்த ஆபத்து சாதாரணப் பங்கின் தலையில் இருப்பதால்தான் அதை வாங்குபவர் குறைத்துக் கேட்கிறார். எவ்வளவு குறைப்பது என்பதற்குச் சட்டம் இல்லை. எல்லாரும் போட்டி போடும் நிறுவனமாக இருந்தால் குறைப்பே இல்லாமலும் வாங்குவார்கள். அதனால் பார்க்கவேண்டியது குறைப்பை மட்டும் அல்ல, வாங்குபவர் யார் என்பதையும்தான். புதிய முதலீட்டாளர் ஒருவர் நிறுவனத்துக்குள் நுழைய இடம் கிடைக்காமல் ஊழியரிடம் வாங்க வருகிறார் என்றால் அது நல்ல அறிகுறி. மாதாமாதம் நட்டத்தில் ஓடும் நிறுவனம் தன் கையிருப்பை எடுத்தே வாங்குகிறது என்றால், அந்தப் பணம் போனபின் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று கேட்கவேண்டும். நிறுவனர்கள் இதே டெண்டரில் எவ்வளவு விற்கிறார்கள் என்பதையும் கேட்கலாம். ஊழியருக்கு 20 விழுக்காடு வரம்பு வைத்துவிட்டு நிறுவனர் பாதியை விற்றுக்கொண்டு போனால் அது நமக்கு ஒரு சேதி.

அவளுடைய நிறுவனத்தில் வாங்குபவர் புதிய முதலீட்டாளர். நிறுவனர்களுக்கும் அதே 20 விழுக்காடுதான். இரண்டையும் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியே அவள் தெரிந்துகொண்டாள். கேட்டால் சொல்கிறார்கள். பலர் கேட்பதில்லை.

விற்க நினைத்ததும் விற்றதும்

இப்போது அந்த மூன்றாவது வரி. வாங்குபவர் ஒதுக்கியது 3 மில்லியன் வெள்ளி. 9.60 விலையில் அதைக் கொண்டு 312,500 பங்குதான் வாங்க முடியும். ஊழியர் எல்லாரும் சேர்ந்து அதற்குமேல் விற்க முன்வந்தால் என்ன ஆகும்? முந்தி வந்தவருக்கு முதலிடம் என்று இல்லை. எல்லாருடைய எண்ணிக்கையையும் ஒரே விகிதத்தில் வெட்டுவார்கள்.

“அப்படின்னா எனக்கு 6,000 கிடைக்காதா?” என்றாள்.

“கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கதவு மூடிய பிறகுதான் தெரியும். அதனால்தான் குத்தகைக்காரரிடம் கையெழுத்துப் போடாதே என்றேன்.”

அதுதான் நடந்தது. கடைசி நாளில் எண்ணிப் பார்த்தபோது ஊழியர்கள் விற்க முன்வந்தது மொத்தம் 500,000. வாங்க முடிந்தது 312,500. விகிதம் 62.5 விழுக்காடு. அவள் கொடுத்த 6,000-இல் 3,750 மட்டுமே ஏற்கப்பட்டது. மீதி 2,250 அவளிடமே திரும்பியது.

டெண்டர் முழுவதுமாக நின்றுபோவதும் உண்டு. 2019 அக்டோபரில் சாஃப்ட்பேங்க், வீவொர்க் நிறுவனத்தின் பங்குகளை ஒரு பங்கு 19.19 அமெரிக்க டாலருக்கு, 3 பில்லியன் டாலர்வரை வாங்குவதாக ஒப்புக்கொண்டது. விற்கக் காத்திருந்தவர்களில் ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில், நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று சொல்லி சாஃப்ட்பேங்க் பின்வாங்கியது. பிறகு வழக்கு, சமரசம் என்று போய், அடுத்த ஆண்டு ஏறத்தாழப் பாதித் தொகைக்குத்தான் பங்குகள் வாங்கப்பட்டன. 2023 நவம்பரில் வீவொர்க் திவால் பாதுகாப்புக் கோரியது. அறிவிப்பு வந்த நாளில் பணத்தைச் செலவு செய்யத் தொடங்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆவணத்தில் ‘நிபந்தனைகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். யார் எந்தக் காரணத்துக்காகப் பின்வாங்கலாம் என்று அதில்தான் எழுதியிருப்பார்கள்.

விற்றதும் மிஞ்சியதும்

அடுத்தது வரி. சிங்கப்பூரில் பங்கு இலாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆப்ஷன் பணத்துக்கும் வரி இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. வேலைக்காகக் கொடுக்கப்பட்ட ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது, அன்றைய சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகவே கருதப்படும். அதன்பிறகு பங்கை வைத்திருந்து வரும் ஏற்றம்தான் மூலதன இலாபம்.

டெண்டரில் பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் நடந்துவிடும். ஆப்ஷனைப் பயன்படுத்துவதும் பங்கை விற்பதும் ஒரே மூச்சில். 1.20 வெள்ளியைக் கையிலிருந்து கட்டவேண்டியதில்லை. விற்ற பணத்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள். ஆக, அவளுக்குப் பங்குக்கு 8.40 வெள்ளி. 3,750 பங்குக்கு 31,500 வெள்ளி. அத்தனையும் வருமானம்.

கழிவுகள் போக அவளுடைய வரிக்குரிய வருமானம் 90,000 வெள்ளி. அதற்கு வரி 4,500. இந்த 31,500 சேர்ந்தால் 121,500. அதற்கு வரி 8,175. கூடுதல் வரி 3,675 வெள்ளி. கையில் உண்மையில் மிஞ்சுவது 27,825.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. சிங்கப்பூர் ஊழியரின் சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரி பிடிப்பதில்லை. டெண்டர் பணமும் முழுதாக வங்கிக்கு வந்துவிடும். வரிக் கடிதம் அடுத்த ஆண்டுதான் வரும். அதற்குள் பணம் அலமாரியாகவும் குளிர்சாதனப் பெட்டியாகவும் மாறியிருக்கும். பணம் வந்த அன்றே வரிக்குரிய தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஜைரோ வழியாக 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம் என்பது ஓர் ஆறுதல்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். வெளிநாட்டவர் இங்கே வேலையை விட்டுப் போகும்போது, அவர் இன்னும் பயன்படுத்தாத ஆப்ஷனையும் பயன்படுத்திவிட்டதாகவே வைத்து வரி கணக்கிடும் விதி உண்டு. நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும் நிரந்தரவாசிக்கும் அதே விதிதான். வேலை முடியும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு முந்திய மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். கையில் ஒரு காசும் வராத பங்குக்கு வரி கட்டவேண்டிய நிலை அது. சில நிறுவனங்கள், ஊழியர் பின்னாளில் உண்மையிலேயே பயன்படுத்தும்வரை கண்காணித்துத் தகவல் தருவதாக ஆணையத்திடம் அனுமதி பெற்றிருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு அந்த ஏற்பாடு உண்டா என்பதை விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். ஊர் திரும்ப எண்ணியிருப்பவருக்கு, டெண்டரில் ஒரு பகுதியை விற்றுக் கையில் ரொக்கம் வைத்திருப்பது அந்த வரியைக் கட்டவும் உதவும்.

என் கதை

மேசையில் மாப்பிள்ளை இன்னும் சமாதானமாகவில்லை. “ஒண்ணும் விக்காம வச்சிருந்தா? பட்டியலிடும்போது 30 வெள்ளிக்குப் போனா?”

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். நான் முன்பு ஒரு சிறிய தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். 20,000 ஆப்ஷன், ஒரு பங்கு 50 காசு. ஒருநாள் ஒரு முதலீட்டாளர் 3 வெள்ளிக்கு வாங்க வந்தார். நான்கில் ஒரு பங்கை, அதாவது 5,000 விற்கலாம் என்றார்கள். விற்றிருந்தால் 12,500 வெள்ளி வந்திருக்கும். அடுத்த ஆண்டே பட்டியலிடப் போகிறார்கள் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. விற்பவனை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் ஒன்றுகூட விற்கவில்லை.

ஓராண்டு கழித்து வேறு வேலைக்குப் போனேன். விலகியபின் ஆப்ஷனைப் பயன்படுத்த 90 நாள்தான் அவகாசம். பல நிறுவனங்களில் இதுதான் வழக்கம். பயன்படுத்தாவிட்டால் அத்தனையும் போய்விடும். நான் 20,000 பங்கையும் வாங்கினேன். அதற்கு 10,000 வெள்ளி. அன்றைய மதிப்பு 3.50 என்று கணக்கானதால், 60,000 வெள்ளி என் வருமானத்தில் சேர்ந்து 6,800 வெள்ளி கூடுதல் வரி. ஆக 16,800 வெள்ளியை என் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு ஆண்டில் நிறுவனம் மூடப்பட்டது. மிஞ்சியதை முன்னுரிமைப் பங்குக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது. கட்டிய வரி திரும்பி வரவில்லை. அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் கழிக்கவும் வழியில்லை.

அந்த 5,000-ஐ மட்டும் விற்றிருந்தால் 20,000 பங்கையும் வாங்க ஆன செலவைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். மீதி 15,000-ஐ அந்தக் காசில் வாங்கி, பட்டியலிடும் கனவையும் நான் கண்டிருக்கலாம். நான் செய்த தவறு நிறுவனத்தை நம்பியது அல்ல. என் சம்பளம், என் ஆப்ஷன், என் சேமிப்பு மூன்றையும் ஒரே கூடையில் வைத்தது.

மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் மதிப்பு 2021-இல் 95 பில்லியன் அமெரிக்க டாலர். 2023 மார்ச்சில், ஊழியர்களுக்குப் பணம் கிடைக்கவும் அவர்களுடைய பங்குக்கான வரியைக் கட்டவும் அது 6.5 பில்லியனுக்கு மேல் திரட்டியபோது மதிப்பு 50 பில்லியனாக இறங்கியிருந்தது. 2024 பிப்ரவரி டெண்டரில் 65 பில்லியன். 2025 பிப்ரவரியில் 91.5 பில்லியன். 2023-இல் எல்லாவற்றையும் விற்றவர் வயிற்றெரிச்சலோடு இருப்பார். ஆனால் அங்கே கதவு பல முறை திறந்தது. என் நிறுவனத்தில் ஒரே முறைதான் திறந்தது. அடுத்த கதவு எப்போது திறக்கும் என்று எந்த நிறுவனமும் எழுத்தில் தராது.

கதவுக்கு வெளியே விற்கலாமா?

இன்னொன்றையும் மாப்பிள்ளை எடுத்தார். “ஒரு தரகர் வாட்ஸ்அப்ல பேசினார் மாமா. 10.50 தர்றாராம். அவர்கிட்டயே குடுத்துடலாமே?”

இது டெண்டர் அல்ல. தனிப்பட்ட மறுவிற்பனை. சில நிறுவனங்கள் அனுமதிக்கும், பல அனுமதிக்காது. முதலில், ஆப்ஷனை அப்படியே இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. பங்காக மாற்றிய பிறகுதான் விற்கலாம். அதாவது 6,000-க்கு 7,200 வெள்ளியை அவளே முதலில் கட்டவேண்டும். கட்டிய அன்றே வரிப் பொறுப்பும் வந்துவிடும். பிறகு இயக்குநர் சபையின் ஒப்புதல் வேண்டும். அதன்பின், அதே விலைக்கு நிறுவனமோ பழைய முதலீட்டாளர்களோ முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கும். அதற்கு வழக்கமாக 30 நாள் போல அவகாசம். ஒப்புதல் மறுக்கப்பட்டால் பங்கு கையில், வரி தலையில், பணம் எங்கும் இல்லை.

இதைத் தாண்ட, சில தரகர்கள் வேறு காகிதம் நீட்டுவார்கள். இப்போது பணம், பட்டியலிடும்போது பங்கு, நிறுவனத்துக்குச் சொல்லவேண்டாம் என்பார்கள். ஆப்ஷன் ஒப்பந்தம் பெரும்பாலும் இதைத் தடை செய்திருக்கும். மீறினால் ஆப்ஷனையே இழக்க நேரிடலாம். அவளுடைய ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தோம். இயக்குநர் சபையின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது என்று ஒரே வரியில் இருந்தது. மாப்பிள்ளை தரகரின் எண்ணை அழித்துவிட்டார்.

கடைசியில் என்ன செய்தார்கள்?

அன்று சாயங்காலம் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “உன் கையில் இப்போது 50,000 வெள்ளி ரொக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதைக் கொண்டு உன் கம்பெனியின் சாதாரணப் பங்கை 9.60 விலையில் வாங்குவாயா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “மாட்டேன் மாமா. ஏற்கெனவே அங்கதானே என் சம்பளம் இருக்கு.”

“அப்படியானால் விற்காமல் இருப்பதும் அதே 9.60-க்கு வாங்குவதும் ஒன்றுதான்” என்றேன்.

விற்கலாம் என்று முடிவானது. அனுமதித்த 6,000 முழுவதையும் கொடுத்தாள். அது போனாலும் 24,000 சொந்த ஆப்ஷன் மிஞ்சும். இன்னும் 10,000 வரவிருக்கிறது. நிறுவனம் வளர்ந்தால் அதில் அவளுக்கு நிறையவே பங்கு உண்டு. அவை எல்லாவற்றையும் இப்போதே பங்காக மாற்றி வைத்தால் என்ன என்றும் கணக்குப் போட்டோம். சொந்தமான 30,000-ஐயும் மாற்ற 36,000 வெள்ளி வேண்டும். டெண்டர் விலையே சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொண்டால் கூடுதல் வரி 44,890 வெள்ளி. 80,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து, விற்க முடியாத காகிதம் வாங்கவேண்டும். அந்தப் பேச்சை அக்காவே நிறுத்திவிட்டாள்.

“அம்மாடி, போதும். எண்பதாயிரத்துக்குக் காகிதமா? சோத்தை எடுத்து வை.”

கதவு மூடிய பின் 3,750-தான் ஏற்கப்பட்டது என்று தெரிந்ததும் அவள் எனக்கு அழைத்தாள். குரலில் ஏமாற்றம் இருந்தது. அவள் மனத்தில் இருந்தது 6,000 ஆப்ஷனின் 50,400 வெள்ளி. கைக்கு வந்தது 31,500. தனக்கென்று மிஞ்சுவது 27,825. ஆனால் குத்தகைக்காரரிடம் அவள் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அலமாரி வேலையைக் குறைத்து 26,000 வெள்ளிக்கு வேறு ஒருவரிடம் பேசி முடித்தார்கள். 3,675 வெள்ளி இன்னொரு கணக்கில் வரிக்காகத் தனியாகக் கிடக்கிறது.

போன வாரம் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். அலமாரி வெள்ளைதான், முதலில் ஆசைப்பட்ட பச்சை இல்லை. பாதிச் சுவர் இன்னும் வெறுமையாக இருக்கிறது. “அடுத்த டெண்டர் வந்தா பாத்துக்கலாம் மாமா” என்று சிரித்தாள். வந்தால், மூன்றாவது வரியை முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.